குழாய்ப் பள்ளம் வெட்டும் நிலத்தில் மேல்மண்ணைக் காக்கும் முறை

எரிவாயுக் குழாயோ எண்ணெய்க் குழாயோ ஒரு கிராமத்தின் வழியே செல்லும்பொழுது, பள்ளம் வெட்டும் வேலை ஒரு நிலத்தில் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. குழாய் மண்ணுக்குள் மறைந்தபின், வரப்பும் போடப்பட்டு, நிலம் பார்வைக்கு முன்போலவே காட்சியளிக்கும். ஆயினும் அடுத்த பருவத்தில் வேர்க்கடலை முளைத்து வந்தவுடன், குழாய் சென்ற தடத்தில் மட்டும் பயிர் மஞ்சளித்துக் குன்றி, நிலத்தின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் நிற்பதைப் பல இடங்களிற் காணலாம். இந்தக் கோடு குழாயினால் உண்டாவதன்று. மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து போனதால் உண்டாவது. இக்கலப்பைத் தடுப்பதற்கான முறைகளை, கொங்கு நாட்டுச் செம்மண் புன்செய் ஒன்றை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரையில் விவரிப்போம்.

1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ச் சட்டத்தின்படி எடுக்கப்படுவது நிலம் அன்று; நிலத்தினடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் உபயோக உரிமை மட்டுமே. அத்தடத்தில் கட்டடம், கிணறு, குளம் முதலியவற்றை அமைத்தலும், மரம் நடுதலும் கூடா. ஆனால் முன்போலப் பயிரிட்டுக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கே உண்டு. உரிமைக்காகக் கொடுக்கப்படும் தொகை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரம் முதலியவற்றின் சேதத்திற்குத் தனியே நஷ்டஈடு உண்டு. இவை ஒரு முறை வருபவை. கலந்து கெட்ட மண்ணோ ஆண்டுதோறும் விளைச்சலைக் குறைத்துக்கொண்டே யிருக்கும். ஆகவே, பயிரிடும் உரிமைக்குப் பொருள் இருக்கவேண்டுமானால், மேல்மண் தன் இடத்திற்குத் தன் குணத்தோடு திரும்பி வருதல் வேண்டும்.

கலப்பினால் நேரும் கெடுதி

நாம் எடுத்துக்கொண்ட நிலத்தில் மேலே 25 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் செம்மண் இருக்கிறது. அதன்கீழ் வெண்மையான சுக்கான் கற்களும் சரளையும் கலந்த அடிமண். உழவும் எருவும் தழையும் பல தலைமுறைகளாகச் சேர்த்த சாரம் மேலே உள்ள அந்த ஒரு சாண் மண்ணிலேயே தங்கியிருக்கிறது. மேல்மண்ணில் கரிமச்சத்து 0.5 சதவீதமும், அடிமண்ணில் 0.1 சதவீதமும் உள்ளதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 0.3 சதவீதம் ஆகிவிடும். இழந்த பங்கை ஒரு தடவை எருவிட்டு மீட்க இயலாது. கொங்கு நாட்டு வெயிலில் எரு விரைவில் சிதைந்து போவதால், அது மீண்டும் சேரப் பல ஆண்டுகள் செல்லும்.

இதனினும் பெரிய கெடுதி சுக்கானால் வருவது. சுக்கான் என்பது சுண்ணாம்புக் கல். அது பொடிந்து மேல்மண்ணிற் கலந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும். அப்பொழுது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. வேர்க்கடலையில் இளந்தளிர்கள் முதலில் மஞ்சளிக்கும். இலையின் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். தழைச்சத்துக் குறைவினால் வரும் மஞ்சளிப்போ அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கும். இந்த ஒரு வேற்றுமையைக் கொண்டே நோயின் காரணத்தை வயலிலேயே அறிந்துகொள்ளலாம். அன்னபேதி உப்பை நூற்றுக்கு ஒன்றாக நீரிற் கரைத்து இலைகளில் தெளித்தால் அந்தப் பயிர் தேறும். ஆயினும் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அகலாதாகையால், ஒவ்வொரு பயிருக்கும் அச்செலவைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரிடும்.

முதலில் ஆழத்தை அளந்தறிதல்

மேல்மண் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் அதனைத் தனியே எடுக்க முடியாது. "ஒரு சாண் எடுத்தாற் போதும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது தவறு. ஒரே வயலில் மேட்டுப் பக்கம் 15 சென்டிமீட்டரும், தாழ்ந்த பக்கம் 40 சென்டிமீட்டரும் இருப்பது சாதாரணம். குறைவாக எடுத்தால் நல்ல மண்ணின் ஒரு பகுதி பள்ளத்து மண்ணோடு போய்விடும். அதிகமாக எடுத்தால் சுக்கான் நல்ல மண்ணோடு சேர்ந்து வரும். இரண்டும் கலப்பே.

ஆகவே இயந்திரம் வருமுன், தடத்தின் நடுக்கோட்டில் 25 மீட்டருக்கு ஒன்றாக, முழங்கால் ஆழத்திற்குச் சிறு குழிகளை மண்வெட்டியால் வெட்டிப் பார்க்க வேண்டும். குழியின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் செதுக்கினால் நிறம் மாறும் இடம் தெளிவாகத் தெரியும். நிறத்தில் சந்தேகமிருப்பின், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகளை மேலிருந்து கீழாக விட்டுக்கொண்டே வரவேண்டும். சுண்ணாம்பு உள்ள மண் பொங்கி நுரைக்கும். நல்ல செம்மண் நுரைக்காது. நுரை தொடங்கும் இடமே எல்லை. அந்த ஆழத்தைக் குழியருகே நட்ட முளையில் எழுதி, நிலச் சொந்தக்காரர், கிராம நிர்வாக அலுவலர், குழாய் வேலையின் மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் கையொப்பமிட்ட குறிப்பொன்றைத் தயாரித்துக்கொள்ளுதல் நலம். சர்வே எண், குழியின் இடம், ஆழம், அப்பொழுது எடுத்த புகைப்படம் ஆகியவை அதில் இருந்தால், பின்னால் வரும் விவாதங்கள் பெரும்பாலும் தாமே அடங்கிவிடும்.

மண்ணின் ஈரமும் வேலை செய்யும் காலமும்

ஈரமான மண்ணை எடுப்பதும், அதன்மேல் கனத்த இயந்திரத்தை ஓட்டுவதும் மண்ணைப் பிசைந்து கெட்டியாக்கிவிடும். பிறகு அது உலர்ந்தால் கட்டிகட்டியாகி, வேரும் நீரும் இறங்க இடங்கொடாது. ஈரம் தகுந்ததா வென்று அறிய எளிய பரீட்சை யொன்றுண்டு. எடுக்கப்போகும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பார்க்கவேண்டும். அது உடையாமல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள திரியாக நீளுமானால் மண் இன்னும் ஈரம். வேலையை நிறுத்திவைக்க வேண்டும். உருட்டும்போதே உதிர்ந்து போனால் எடுக்கலாம். இந்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அறுவடையும் முடிந்த தை மாதத்திற்குப் பின் வரும் மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. இடையில் கோடை மழை பெய்தால், கண்டிராக்டர் அவசரப்படுத்தினாலும் மேற்படி பரீட்சையைச் செய்த பின்னரே இயந்திரத்தை இறக்க அனுமதித்தல் வேண்டும்.

எவ்வளவு அகலத்திற்கு எடுப்பது?

பலர் பள்ளம் வெட்டும் அகலத்திற்கு மட்டும் மேல்மண்ணை எடுத்தாற் போதுமென்று நினைக்கிறார்கள். கலப்பின் பெரும்பகுதி இவ்வெண்ணத்தினாலேயே உண்டாகிறது. பள்ளத்திலிருந்து வரும் சுக்கான் மண்ணைப் பக்கத்தில் எடுக்கப்படாத மேல்மண்ணின்மீது கொட்டினால், திரும்ப அள்ளும்போது இயந்திரத்தின் வாளி ஒன்று சுக்கானை விட்டுவரும், அல்லது நல்ல மண்ணையும் சேர்த்து வாரும். துல்லியமாக அள்ளுவது எந்த ஓட்டுநராலும் இயலாது. ஆகவே அடிமண் குவியும் இடத்திலும், கனத்த வண்டிகள் ஓடும் பாதையிலும்கூட மேல்மண்ணை முன்னரே எடுத்துவிட வேண்டும்.

இப்பொழுது நம் உதாரண நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். தடத்தின் அகலம் 20 மீட்டர், நிலத்திற்குள் அதன் நீளம் 100 மீட்டர். அதாவது சற்றேறக்குறைய அரை ஏக்கர். குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டர். குழாயின் அடியில் 15 சென்டிமீட்டர் மெத்தை மண், மேலே 120 சென்டிமீட்டர் மூடுமண். ஆக, பழைய நிலமட்டத்திலிருந்து பள்ளத்தின் ஆழம் 195 சென்டிமீட்டர். அகலம் 120 சென்டிமீட்டர்.

தடத்தின் ஒரு விளிம்பில் மேல்மண் குவியலுக்காக 5 மீட்டரை எடுக்காமல் விட்டுவிடுவோம். மேல்மண் மேல்மண்ணின்மீதே கிடப்பதால் அங்கே தீங்கில்லை. அதையடுத்து 14 மீட்டர் அகலத்திற்கு மேல்மண்ணை எடுப்போம். இந்த 14 மீட்டரில், இரு குவியல்களுக்கும் இடையே வெற்றிடம் 1 மீட்டர், அடிமண் குவியல் 4 மீட்டர், பள்ளத்தின் கரையோரம் 1 மீட்டர், பள்ளம் 1.2 மீட்டர், மீதியான 6.8 மீட்டர் வண்டிப் பாதை. மறு விளிம்பில் ஏறத்தாழ 1 மீட்டர் எல்லையாக நிற்கும்.

எடுக்கும் மேல்மண் 14 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், கால் மீட்டர் ஆழம். அதாவது 350 கனமீட்டர். வெட்டிய மண் பொதிந்து ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெருகுமாதலால் குவியல் 440 கனமீட்டர் அளவாகும். அடியகலம் 5 மீட்டராகச் சரிவாகக் குவித்தால் உயரம் 1.7 மீட்டருக்குச் சற்று மேல் வரும். பள்ளத்து அடிமண் 204 கனமீட்டர். பெருகிய பின் 255. அது 4 மீட்டர் அடியகலத்தில் 1.3 மீட்டர் உயரத்திற்கு அடங்கும். இவ்விதம் முன்னரே கணக்கிட்டால் 20 மீட்டருக்குள் எல்லாம் அடங்குவது தெரியும். "இடமில்லை, ஆகையால் இரண்டையும் சேர்த்துக் கொட்டினோம்" என்னும் சமாதானத்திற்கு இடமிராது.

எடுக்கும்பொழுது பல்லில்லாத அகன்ற வாளி பூட்டிய இயந்திரமே தகுந்தது. பற்கள் எல்லையைக் கிளறிவிடும். இயந்திரம் பின்வாங்கிக்கொண்டே மண்ணை எடுத்துவந்தால், எடுக்காத மேல்மண்ணின்மீது அதன் சக்கரம் திரும்பத் திரும்ப ஏறாது. புல்டோசரைக் கொண்டு நெடுந்தூரம் தள்ளுவது மண்ணை அழுத்தி, அடியையும் சுரண்டிவிடுமாதலால் அதனைத் தவிர்க்க வேண்டும். முளையில் குறித்த ஆழத்தைக் கவனித்துச் சொல்ல ஒரு ஆள் இயந்திரத்தின் முன்னே நிற்பது அவசியம். நிறம் மாறியவுடன் வாளி நிற்க வேண்டும்.

செம்மேல்மண்ணுக்கும் சுக்கானுக்கும் நடுவே, நல்ல நிறமும் வேரோட்டமும் உள்ள மூன்றாவது அடுக்கொன்று காணப்படும் நிலங்களும் உண்டு. அங்கே அந்த நடுமண்ணையும் தனிக் குவியலாக வைத்து, சுக்கானுக்குப் பின்னும் மேல்மண்ணுக்கு முன்னும் இட வேண்டும். குழிகளில் அது தெரிந்தால் தடத்தின் திட்டத்தை அப்பொழுதே மாற்றிக்கொள்வது நல்லது.

குவியலைப் பாதுகாத்தல்

மேல்மண் குவியல் 2 மீட்டருக்கு மேல் உயர வேண்டாம். அதன்மேல் வண்டி ஏறவும் கூடாது. உயர்ந்து அழுந்திய குவியலின் உட்புறம் காற்றில்லாமல் புழுங்கி, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மடியும். மழைநீர் தடத்தின் வழியே இறங்கும் இடங்களில் குவியலுக்கிடையே வழிவிட வேண்டும். இல்லாவிடில் நீர் தேங்கிப் பக்கத்து வயலுக்கும் கேடு வரும். மழைக்காலம் முழுவதும் குவியல் கிடக்க நேர்ந்தால் சணப்பையோ கொள்ளோ விதைத்துவிடலாம். அவை மண்ணரிப்பைத் தடுப்பதோடு, பார்த்தீனியம் போன்ற களைகளுக்கு இடங்கொடாமலும் காக்கும். ஒருவர் நிலத்து மேல்மண்ணை மற்றொருவர் நிலத்திற்குத் தள்ளிச் செல்லவும் கூடாது; கோரைக்கிழங்கு வயல் விட்டு வயல் பரவுவது இவ்வழியாகவும் நடக்கும். வரப்புக்கு வரப்பு குவியல் தனியாக இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. குழாயின் மேற்பூச்சு கற்களால் கிழியாதபடி அதனைச் சுற்றிப் பொடிமண் இடுவார்கள். சுக்கான் மண்ணில் கல் இருப்பதால், கல்லில்லாத மேல்மண் குவியல் வேலையாட்களின் கண்ணுக்குக் கைக்கெட்டிய பொருளாகத் தோன்றும். அவ்வாறு இட்ட நல்ல மண் ஆளுயர ஆழத்தில் புதைந்து பயிருக்கு என்றென்றும் இல்லாமற் போகும். பொடிமண் வேண்டுமானால் அடிமண்ணைச் சல்லடையிற் சலித்தெடுக்க வேண்டும், அல்லது மணலை வெளியிலிருந்து கொணர வேண்டும். இதனை வேலை தொடங்குமுன் எழுத்தில் பெற்றுக்கொள்வது உத்தமம். குழாய் இறக்கும் நாளில் நிலச் சொந்தக்காரர் நேரில் இருப்பது அதனினும் உத்தமம்.

பள்ளத்தை மூடுதலும் மிச்ச மண்ணும்

பள்ளத்திலிருந்து வந்த மண் முழுவதும் திரும்ப உள்ளே போகாது. குழாய் தன் பருமனுக்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் நிலத்தில் 100 மீட்டர் குழாயின் கன அளவு 28 கனமீட்டர். ஏறத்தாழ பத்து யூனிட். அடிமண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கினாலும் இவ்வளவு மண் மிஞ்சியே தீரும். இதனைப் பள்ளத்தின்மேலேயே ஏற்றினால் 23 சென்டிமீட்டருக்குமேல் உயர்ந்த சுக்கான் மேடாகும். அதன்மேல் பரப்பும் மேல்மண் உழவில் சரிந்து இறங்க, சுக்கான் வெளியே தலைநீட்டும்.

மிச்சத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. மேல்மண் போடுமுன், எடுக்கப்பட்ட 14 மீட்டர் அகலம் முழுவதிலும் அதனைப் பரப்பினால் 2 சென்டிமீட்டர் கனமே ஆகும். சுக்கானின்மேல் சுக்கான் கிடப்பதால் மேல்மண்ணின் ஆழம் குறையாது. அல்லது வண்டியில் ஏற்றிப் பாதைக்கோ வேறு இடத்திற்கோ கொண்டுபோய்விடலாம். குழாயைச் சுற்றி வெளி மணல் இட்டால், அந்த மணலின் அளவிற்கும் அடிமண் மிஞ்சும். அடியில் 15, மேலே 15 சென்டிமீட்டர் மணல் இட்டதாகக் கணக்கிட்டால் மேலும் 80 கனமீட்டர் வரும். அப்பொழுது மொத்தத்தையும் பரப்பினால் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நிலமட்டம் உயர்ந்து, நீர் பாய்வது தடைப்படும். அந்நிலையில் வெளியேற்றுவதொன்றே வழி.

மூடும்போது அடிமண்ணை 30 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஒரேயடியாகத் தள்ளி மூடிய பள்ளம் முதல் மழையில் அமிழும். குழாயின்மேல் உள்ள 120 சென்டிமீட்டர் மண் பத்தில் ஒரு பங்கு அமிழ்ந்தாலும் 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள வாய்க்காலாகி, சரிவான நிலத்தில் நீரை இழுத்துக்கொண்டு மண்ணை அரிக்கும்.

அடிநிலத்தைத் தளர்த்தி மேல்மண் பரப்புதல்

பள்ளம் மூடியவுடன் மேல்மண்ணைப் பரப்பத் துடிப்பது வழக்கம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. வண்டிப் பாதையாக இருந்த 6.8 மீட்டர் அகலம், கனத்த குழாய்களையும் இயந்திரங்களையும் தாங்கித் தளமிட்டதுபோல் இறுகியிருக்கும். விரல் தடிப்புள்ள இரும்புக் கம்பியொன்றைக் கையால் அழுத்திப் பார்த்தால், தடத்திற்கு வெளியே இறங்கும் அளவு இங்கே இறங்காது. உளிக் கலப்பையால் இவ்விடத்தை 30 சென்டிமீட்டர் ஆழம் பிளந்து தளர்த்த வேண்டும். மேல்மண் போட்டபின் இதைச் செய்ய முயன்றால் உளி சுக்கானை மேலே கொணர்ந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். குழாயின் நேர்மேலேயும் அதன் அருகிலும் உளிக் கலப்பையை ஓட்டக் கூடாது. எல்லையை மேற்பார்வையாளர் கொடியிட்டுக் காட்ட வேண்டும்.

தளர்த்தியபின் மேலே கிடக்கும் பெருங்கற்களைப் பொறுக்கிவிட்டு, காய்ந்த நாளில் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். இயந்திரம் பரப்பிய மண்ணின்மேல் ஓடாமல், அடிமண்ணின்மேல் நின்றுகொண்டே பின்வாங்கிப் பரப்புதல் முறை. பொதிந்த மண் பின்னர் இறங்குமாதலால், 25 சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் 30 சென்டிமீட்டர் வரை தளர்வாக நிற்கலாம். குவியல் கிடந்த 5 மீட்டரில் பழைய நிலமட்டம் வந்தவுடன் வாரலை நிறுத்தி, பிறகு சாதாரணக் கலப்பையால் உழுதுவிட்டாற் போதும்.

ஒப்புக்கொள்ளுமுன் பார்க்க வேண்டியவை

வேலை முடிந்ததென்று கையொப்பம் கேட்கும் நாளில், முன் குழி வெட்டிய இடங்களுக்கருகே மீண்டும் குழி வெட்டி, பழைய குறிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும். மேல்மண்ணின் ஆழம் குறைந்திருந்தால் அது புதைந்தது அல்லது வெளியே போயிற்று. ஆழம் சரியாயிருந்து, செம்மண்ணில் வெள்ளைத் திட்டுக்கள் தெரிந்து அமிலத்திற்கு நுரைத்தால் அது கலந்தது. ஆழமும் நிறமும் சரியாயிருந்து கம்பி இறங்காவிட்டால் அடிநிலம் தளர்த்தப்படவில்லை. மூன்று குறைகளுக்கும் பரிகாரம் வேறு வேறாதலால், "நிலம் கெட்டது" என்று பொதுவாக எழுதாமல், இன்ன குழியில் இன்ன குறை என்று எழுதுவதே பயன்படும். நஷ்டஈட்டை நிர்ணயிக்கும் அதிகாரியின் முன்பும், அவர் தீர்மானம் ஏற்கத்தக்கதாயில்லையெனில் ஜில்லா நீதிபதியின் முன்பும் வைப்பதற்கு இத்தகைய குறிப்பே ஆதாரமாகும்.

முதல் மழைக்காலம் கழிந்தபின் தடத்தில் எங்கேனும் பள்ளம் விழுந்தால், அதன்மேல் நேரே சரளையைக் கொட்டி நிரப்ப இடங்கொடுக்கலாகாது. பக்கத்து வயலின் நல்ல மண்ணைச் சுரண்டி நிரப்புவதும் தகாது. அவ்விடத்து மேல்மண்ணை ஒருபுறம் ஒதுக்கி, அடிமண்ணை இட்டு இறுக்கி, ஒதுக்கிய மண்ணையே திரும்பப் பரப்ப வேண்டும். முதல் பயிராக வேர்க்கடலையை விதைத்தால் தடத்தின் குணம் விரைவில் வெளிப்படும். தளிரில் மஞ்சள் கோடு தோன்றினால் அதன் நீள அகலத்தை அளந்து, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் அந்தப் பருவத்திலேயே பதிந்துகொள்ளுதல் வேண்டும். அறுவடைக்குப் பின் அக்கோடு இருந்ததற்கு அடையாளம் கிடையாது.